வெளிநாட்டுக் கல்விக் கடன்

வெளிநாட்டுக் கல்விக் கடன் என்பது, பிறநாட்டில் பயிலும் மாணவரின் கட்டணத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் வங்கி வழங்கும் தவணைக் கடனாகும். இது பிணையுள்ளது, பிணையற்றது என இருவகைப்படும்.

இலங்கையின் அனலைதீவு போன்ற தீவுகளில் குடும்பக் காணியே கைக்கெட்டும் பிணை. பங்காளிகள் பிரிக்காத காணி முழுவதையும் ஈடு வைக்க, புலம்பெயர்ந்தவர் உட்பட அனைவரும் ஒப்பமிட வேண்டும். தேசவழமைக்கு உட்பட்ட மனைவியின் காணிக்குக் கணவரின் சம்மதமும் தேவை.

சலுகைக்காலத்தில் முதலைக் கட்ட வேண்டியதில்லை, வட்டியோ நிற்காது. எடுத்துக்காட்டாக, 30 இலட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 சதவீதத் தனிவட்டி என்றால், மாத வட்டி 30,000 ரூபாய். அதைக் கட்டாமல் விட்டால், 2 ஆண்டில் கடன் 37.2 இலட்சமாகும்.

வேலை கிடைத்தபின் வெளிநாட்டுச் சம்பளத்திலிருந்து மாதத் தவணை அனுப்பப்படுகிறது. 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு உயர்ந்தபோது, 50,000 ரூபாய்த் தவணைக்கு வேண்டிய தொகை 250 டொலரிலிருந்து சுமார் 139 டொலராகக் குறைந்தது. அப்போது படித்துக்கொண்டிருந்தவருக்கோ டொலர்க் கட்டணம், டொலர் உயர்ந்த அதே விகிதத்தில் ரூபாயில் ஏறியது.

தவணைகள் தொடர்ந்து தவறினால், ஈட்டுக் காணியைச் சட்டப்படி விற்று வங்கி கடனை அறவிடலாம்.