ஆசனவாயில் தீராத அரிப்பு... அதிகமா கழுவுறதும் காரணமா இருக்கலாம்!

வெளியே சொல்லக் கூச்சம், சொறியாம இருக்கவும் முடியலை. ஆசனவாய் அரிப்பில் பலரும் மாட்டிக்கொள்வது இப்படித்தான். 'சுத்தமில்லாததால் வருது' என்று நினைத்து, இன்னும் அழுத்தித் தேய்த்துக் கழுவுவார்கள். சிக்கல் பெரிதாவது அங்கேதான்.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு தினமும் பஸ்ஸில் போய்வரும் கல்லூரி மாணவர் ஒருவரை வைத்துப் பார்ப்போம். கடலோர ஊரின் புழுக்கம், இறுக்கமான ஜீன்ஸ், நீண்ட நேரம் சீட்டில் உட்கார்ந்தே பயணம். வியர்வை தேங்கி, அந்த இடத்துத் தோல் ஊறி லேசாக அரிக்கிறது. அவர் தினமும் மூன்று முறை சோப்பு போடுகிறார், ஆன்டிசெப்டிக் திரவமும் கலந்துகொள்கிறார். அந்த இடத்தின் மெல்லிய தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசை போய், தோல் வறண்டு வெடிக்கிறது. அரிப்பு கூடுகிறது. சொறிந்தால் புண். புண் ஆறும்போது மறுபடியும் அரிப்பு.

அடுத்து மெடிக்கல் ஷாப் க்ரீம். இரண்டே நாளில் சுகம்! ஆனால், அதில் ஸ்டீராய்டு இருந்தால் ஆபத்து. அரிப்புக்குப் படர்தாமரை காரணமாக இருந்தால், ஸ்டீராய்டு அதை மறைத்துவிட்டு தொடை, இடுப்பு வரை பரவவிடும். க்ரீமை நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பும்.

என்ன செய்யலாம்? மலம் கழித்த பிறகு வெறும் தண்ணீர் போதும். ஹெல்த் ஃபாசெட்டை மெதுவாகத் திறங்கள். பிறகு பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். மணமூட்டிய வெட் வைப்ஸ், பவுடர் வேண்டாம். தளர்வான காட்டன் உள்ளாடை போடுங்கள், நனைந்தால் உடனே மாற்றுங்கள். சிலருக்கு காபி, காரம் அரிப்பைக் கூட்டும். இரண்டு வாரம் குறைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ராத்திரியில் மட்டும் அதிகமாக அரித்தால், கீரிப்பூச்சியாக இருக்கலாம். பெண் புழு இரவில் வெளியே வந்து முட்டையிடும். சொறியும்போது முட்டை நகத்தில் ஒட்டிக்கொண்டு, வாய் வழியே மறுபடியும் உள்ளே போகும். அதனால்தான் டாக்டர்கள் பெரும்பாலும் வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே நாளில் மாத்திரை தருவார்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடியும் சாப்பிடச் சொல்வார்கள். ஒருவர் மட்டும் சாப்பிட்டால் மறுபடியும் வர வாய்ப்பு அதிகம். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். காலையில் எழுந்ததும் குளித்து, உள்ளாடையை மாற்றுங்கள்.

எப்போ டாக்டரைப் பார்க்கணும்? சோப்பை நிறுத்தியும் இரண்டு மூன்று வாரத்தில் குறையவில்லையா? ரத்தம், கட்டி, வலி, சீழ், வட்டமான தடிப்பு இருக்கா? மலம் கழிக்கும் பழக்கம் மாறியிருக்கா? உடனே போங்கள். மூலம், வெடிப்பு, சர்க்கரை நோய் என வேறு காரணங்களும் இருக்கலாம். கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கின்றன. போகும்போது இதுவரை தடவிய க்ரீம் டியூபையும் எடுத்துப்போங்கள். என்ன மருந்து தடவினீர்கள் என்று தெரிந்தால்தான், டாக்டரால் சரியான காரணத்தைக் கண்டுபிடிக்க முடியும்.