தூய்மை அறை வகைப்பாடு (மருந்துத் தொழில்)

ஊசிமருந்து தயாரிக்கும் அறைகளை ஐரோப்பிய ஜி.எம்.பி. விதிகள் ஏ, பி, சி, டி என நான்கு தரங்களாகப் பிரிக்கின்றன. அளவுகோல், ஒரு கன மீட்டர் காற்றில் மிதக்கும் துகள்களின் எண்ணிக்கை. 0.5 மைக்ரான், அதற்கு மேற்பட்ட துகள்கள் ஏ தரத்தில் 3,520-ஐத் தாண்டக்கூடாது. வேலை நடக்காதபோது பி தரத்துக்கும் அதே வரம்புதான். ஆட்கள் நுழைந்து வேலை தொடங்கியதும் அது 3,52,000 ஆகத் தளர்கிறது. மனித உடல் அவ்வளவு துகள்களை உதிர்க்கிறது!

மருந்துக் கரைசல் கலக்கும் சி தர அறை ஒன்று 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்று கொள்வோம். கன அளவு 90. மணிக்கு 40 முறை காற்று மாற 3,600 கன மீட்டர் காற்று வேண்டும். 1.2 மீட்டருக்கு 0.6 மீட்டர் அளவுள்ள ஹெப்பா வடிகட்டிகள் நான்கு போதும். ஒவ்வொன்றும் மணிக்கு 900 கன மீட்டர் தரும். கூரையில் அவை அடைப்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஏ தரத்தில் இந்தக் கணக்கு செல்லாது. குப்பி நிரப்பும் இடத்துக்கு மேலே இடைவெளியின்றி வடிகட்டி பரவி, நொடிக்கு 0.36 முதல் 0.54 மீட்டர் வேகத்தில் காற்று ஒரே திசையில் இறங்க வேண்டும்.

காற்றுமாற்ற எண்ணை மட்டும் நம்புவது தவறு. திரும்பு காற்றுவழியும் கூரைக்கருகே இருந்தால், சுத்தக் காற்று தரையைத் தொடாமலே வெளியேறிவிடும். புகை விட்டுப் பார்த்தால், மூலையில் அது கலையாமல் நிற்பது கண்ணுக்கே தெரியும். வேலை முடிந்து 20 நிமிடத்துக்குள் துகள் எண்ணிக்கை ஓய்வு நிலை வரம்புக்குத் திரும்பாத அறையில், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.