ஜீயர் என்னும் வாழ்த்து

அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேசியவர், 'ஜீயர்' என்பது 'சீயம்' என்ற சொல்லின் வழி வந்தது என்று முழங்கினார். சீயம் என்றால் சிங்கம், மடத் தலைவர் சிங்காசனத்தில் வீற்றிருப்பவர், ஆகவே சீயர். கைத்தட்டல் அடங்கவே நேரமாயிற்று. நான் தட்டவில்லை.

சீயம் சிங்கந்தான், அதில் வழக்கில்லை. சிங்காசனத்தில் இருந்தவர்கள் யார் என்பதே கேள்வி. இராமானுசர் 74 சிம்மாசனாதிபதிகளை நியமித்தார் என்கின்றன குருபரம்பரை நூல்கள். அவர்களில் பெரும்பாலோர் மனைவி மக்களோடு வாழ்ந்தவர்கள். அவர்கள் வழிவந்த ஆசாரிய புருஷர் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பெரியவரை யாரும் ஜீயர் என்பதில்லை. துறவிகளை அதே நூல்கள் 700 பேர் என்று தனியாக எண்ணுகின்றன. ஜீயர் என்ற பெயர் இந்தத் துறவிகள் பக்கத்தது. சிங்காசனம் ஒரு வீட்டிலும் பட்டம் இன்னொரு வீட்டிலும் இருக்க, இரண்டையும் சிங்கத்தால் எப்படிக் கட்டுவது? அகோபில மடத் தலைவரை 'அழகிய சிங்கர்' என்கிறார்களே என்று அவர் மடக்கலாம். அது அகோபிலத்து நரசிம்மரின் சிங்கம். சிங்கம் வேண்டிய இடத்தில் சிங்கர் என்றே சொல்லத் தெரிந்தவர்கள் சீயர் என்று சுற்றி வளைப்பானேன்?

'நஞ்சீயர்' என்பதில் சகரம்தானே இருக்கிறது என்று மற்றொருவர் எழுதியிருந்தார். ஞகர மெய்யை அடுத்த சகரத்தை நாம் எப்படி ஒலிக்கிறோம் என்று அவர் 'பஞ்சு' என்று ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும்.

சொல்லின் வேர் 'ஜீவ'. வடமொழியில் அது 'வாழ்க' என்னும் ஏவல். பிராகிருதத்தில் நடு வகரம் தேய்ந்து 'ஜீய' ஆகும். பழங்கன்னடத்தில் 'ஜீய' என்பது பெரியோரையும் அரசரையும் விளிக்கும் சொல். நம் 'ஐயா' போல. புத்தர் தும்மியபோது பிக்குகள் 'வாழ்க' என்று கூவ, வாழ்க என்றால் ஆயுள் கூடுமா என்று அவர் கேட்டதாக விநய பிடகத்தில் ஒரு கதை உண்டு. அங்கும் இதே ஜீவ தாதுதான். குழந்தை தும்மினால் 'நூறு' என்கிற பாட்டிகளை புத்தர் பார்த்திருந்தால் விட்டுவிட்டிருப்பார் என்று நினைக்கிறேன். ஆக ஜீயர் என்பது பதவியின் பெயராகப் பிறந்ததல்ல. எதிரில் நிற்கும் ஒருவரின் தேஜஸைக் கண்டு வாய் தானாகச் சொல்லும் வாழ்த்து அது. வாழ்த்து எப்படிப் பதவியாயிற்று என்பதில்தான் ஒரு சமயத்தின் வரலாறே ஒளிந்திருக்கிறது.

ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் அந்தத் தேஜஸுக்கு 'கரிஸ்மா' என்று பெயரிட்டார். சொல் அவருடையதன்று. பவுலின் நிருபங்களில் வரும் கிரேக்கச் சொல்லை, திருச்சபைச் சட்ட வரலாறு எழுதிய ருடால்ஃப் சோம் எடுத்தாண்டார். அவரிடமிருந்து வேபர் வாங்கினார். 'காரிஸ்' என்றால் அருள். இதைத் தமிழில் 'கவர்ச்சி அதிகாரம்' என்று பெயர்த்தவர்கள் சினிமாப் பத்திரிகை அதிகம் படித்தவர்களாக இருக்கவேண்டும். அருள் ஒருவரிடம் இருப்பதாகப் பிறர் நம்புவதால் மட்டுமே நிற்கும் அதிகாரம் அது. சட்டமோ குலமோ அதைத் தாங்குவதில்லை. ஆகவே அந்த ஒருவர் இறந்த மறுநாள் அது என்னாகும் என்ற கேள்வி எழுகிறது. அதற்கு வேபர் இட்ட பெயரில் 'அல்டாக்', அதாவது அன்றாடம், என்ற சொல் உள்ளே கிடக்கிறது: அன்றாடமாக்கப்படுதல். நாம் 'வழமையாக்கம்' என்று உப்புச்சப்பில்லாமல் எழுதுகிறோம். கோயில்காரர்களிடம் 'நித்தியப்படி' என்ற அருமையான சொல் இருக்கிறது. இராமானுசர் பெயரில் வழங்கும் ஒன்பது நூல்களில் ஒன்றுக்கு 'நித்தியம்' என்றே பெயர். நாள்தோறும் செய்யவேண்டிய ஆராதனை முறை அதில் இருக்கிறது. நிறுவியவரே அன்றாடத்துக்கு வழி வகுத்துவிட்டார்.

அவர் வந்தது அன்றாட வழியில் அல்ல. ஆளவந்தாரை உயிரோடு காணாமல் திருவரங்கம் வந்து சேர்ந்தபோது உடலில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. இராமானுசர் ஒவ்வொரு சபதமாகச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு விரலாக நிமிர்ந்தது என்பது மரபு. வாரிசை அடையாளத்தால் கண்டுகொள்ளும் முறை இது. திருக்கோட்டியூரில் ஆசாரியன் ஆணையையே மீறி மந்திரப் பொருளை எல்லோருக்கும் சொன்னதும் அப்படித்தான்: விதியை மீறுவதே அருளின் அடையாளம்.

மரபுக் கணக்கில் 1137-இல் அவர் மறைந்தபின் அடையாளங்கள் நின்றுவிட்டன. கூரத்தாழ்வானின் மகன் பராசர பட்டர் தலைமைக்கு வந்தார். கல்வியில் நிகரற்றவர்தான், ஆனாலும் பிறப்பும் துணை நின்றது. 74 பேரின் வீடுகளில் அது முழுக்கப் பிறப்புரிமையாயிற்று. தோளில் சங்கு சக்கரம் ஒற்றிக்கொள்ளும் சடங்கு எல்லோருக்கும் பொதுவாயிற்று. ஒற்றுபவர் ஞானியா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. அவர் கை வழியாக உடையவர் திருவடியோடு தொடர்பு கிடைத்தால் போதும். தென்கலையார் இதை இரண்டு சொற்களில் தெளிவாக்கினார்கள். கரையேற்றுபவர் உத்தாரக ஆசாரியர், அவர் இராமானுசர் ஒருவரே. அவரிடம் சேர்த்துவிடுபவர் உபகாரக ஆசாரியர். செத்தவர் கையில் அருள், இருப்பவர் கையில் பதவி! இதைவிடக் கூர்மையாக வேபரும் சொல்லவில்லை.

பெயர்களைப் பாருங்கள். 'உடையவர்' என்ற பட்டத்தை இராமானுசருக்குப் பின் எவரும் சூடவில்லை. ஜீயர் மட்டும் கைமாறிக்கொண்டே போகிறது, பட்டத்தின் முன் எண் போடும் அளவுக்கு. 'அருள்' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். 'அருளப்பாடு' என்றால் இன்று திருவரங்கத்தில் மரியாதை பெறவேண்டியவரை வரிசைப்படி அழைக்கும் குரல். அந்த வரிசையில் யார் முன், யார் பின் என்பதற்குத்தான் சண்டை. காஞ்சி வரதர் கோயிலில் எந்த ஆசாரியர் மீதான வாழ்த்தை முதலில் சொல்வது என்பதற்கு வடகலையாரும் தென்கலையாரும் நீதிமன்றம் ஏறினார்கள். யாருக்கு அருள் இருக்கிறது என்று எந்த நீதிபதியாலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. யாருக்கு உரிமை என்று சொல்லலாம். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும் தரத்துக்கு வந்துவிட்டதென்றால் நித்தியப்படி முற்றிவிட்டது என்று பொருள்.

சொல்லுக்கு வருகிறேன். ஆசாரிய வரிசையில் ஜீயர் என்று பெயர் பெற்ற முதல்வர் இராமானுசர் அல்லர். நஞ்சீயர். மேல்நாட்டில், அதாவது கன்னட தேசத்தில், மாதவர் என்ற பெயரோடு செல்வமும் இரண்டு மனைவியரும் உள்ள பெரிய அத்வைத வித்துவானாக இருந்தவர். பட்டர் அவர் வீட்டு அன்னசாலைக்கே போய், சோறு வேண்டாம், தர்க்கப் பிச்சை வேண்டும் என்று கேட்டு வாதாடி வென்றார். பின்னொருநாள் மாதவர் சொத்தை மூன்றாகப் பிரித்து, இரு பங்கை மனைவியருக்குக் கொடுத்துவிட்டு, காவியும் முக்கோலுமாகத் திருவரங்கத்தில் வந்து நின்றார். பட்டர் 'நம் ஜீயர்' என்று தழுவிக்கொண்டார் என்கிறது கதை.

கன்னட நாட்டிலிருந்து வந்தவரை அவர் ஊர்ச் சொல்லாலேயே பட்டர் அழைத்தார். அதுவரை விளியாக இருந்தது அந்த வாசலில்தான் பெயராயிற்று. கல்வெட்டு எங்கே என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எனக்கு அந்தக் குரல் தெளிவாகக் கேட்கிறது. அதில் சிங்கம் எதுவும் இல்லை.