வசையின் ஆயுள்

ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்தில் கென்ட் என்னும் பிரபு, நாடு கடத்தப்பட்ட பின்னரும் மாறுவேடம் பூண்டு ஓர் எளிய பணியாளனாக மன்னனிடம் வந்து சேர்கிறான். மன்னனின் மூத்த மகளிடம் காரியஸ்தனாக இருப்பவன் ஆஸ்வால்ட். முதல் அங்கத்தின் நான்காம் காட்சியில் அவன் மன்னனை மதியாது பேசுகிறான். கென்ட் அவன் காலை இடறிக் கீழே தள்ளி, கால்பந்து ஆடும் கீழ்மகன் என்று ஏசுகிறான். இன்றைய அரங்கில் இவ்விடத்தில் சிரிப்பொலி எழும். 1606 டிசம்பர் 26ஆம் நாள் அரசவையில் இந்நாடகம் நடிக்கப்பெற்றபோது அச்சொல் சிரிப்புக்கு மட்டும் உரியதாக இருந்திருக்க முடியாது.

அக்காலத்துக் கால்பந்து, தெருவில் கூட்டமாக மோதி எலும்பை முறித்துக்கொள்ளும் முரட்டு ஆட்டம். 1314இலேயே இலண்டன் நகரில் அதற்குத் தடை விதிக்கப்பட்டது. முதலாம் ஜேம்ஸ் மன்னரும் தம் மைந்தனுக்காக 1599இல் அச்சிட்ட அறிவுரை நூலில் அவ்வாட்டத்தை விலக்குமாறு எழுதினார். ஆதலால் அவ்வசை, நீ தெருப் பொறுக்கி, உயர்ந்தோர் அவையில் நிற்கத் தகாதவன் என்று பொருள்பட்டது. இன்றோ கால்பந்து வீரன் உலகின் செல்வமும் புகழும் பெற்றவன். சொல்லின் சினம் அப்படியே நிற்கிறது. சினத்துக்குக் காரணமான நஞ்சு வற்றிவிட்டது. பழைய வசைகள் நகைப்பைத் தருவதற்கு முதற்காரணம் இதுவே.

இரண்டாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியில் இது இன்னும் தெளிவாகிறது. கிளாஸ்டர் பிரபுவின் மாளிகை முன் அவ்விருவரும் மீண்டும் சந்திக்கின்றனர். தன்னை யாரென்று எண்ணுகிறாய் என ஆஸ்வால்ட் கேட்டதுதான் தாமதம், கென்ட் ஒரு நீண்ட பட்டியலை மூச்சுவிடாமல் பொழிகிறான். இன்றைய செவிக்கு அது பொருளற்ற சொல்லடுக்கு. ஒவ்வொன்றாகப் பிரித்தால் அது ஒரு மனிதனைப் பற்றிய துல்லியமான ஆவணம். ஆண்டுக்கு மூன்று உடுப்பு என்பது வேலைக்காரனுக்கு எசமானர் தரும் படி. செல்வர் பட்டுக் காலுறை அணிந்த காலத்தில் முறுக்குக் கம்பளி நூற் காலுறை தாழ்ந்தவன் அடையாளம். உடைமை அனைத்தும் ஒரே பெட்டிக்குள் அடங்கும் என்பது வறுமை. அடி வாங்கினால் திருப்பி அடிக்காமல் வழக்குத் தொடுப்பவன் என்பது கோழைமை. கல்லீரல் வெளுத்தவன் என்பதும் அதுவே. துணிவு கல்லீரலில் தங்குகிறது, அங்கே குருதி வற்றினால் அது வெளுக்கும் என்று அக்காலத்தவர் நம்பினர். அச்சத்தால் ஈரக்குலை நடுங்குவதாகச் சொல்லும் தமிழருக்கு இது விளங்காததன்று.

படியும் காலுறையும் மறைந்தபின் எஞ்சியிருப்பது கட்டமைப்பு மட்டுமே. அக்கட்டமைப்பில்தான் நகைப்பின் இரண்டாம் காரணம் இருக்கிறது. உண்மையான சினம் சொல்லைக் குறுக்கும், நாக் குழறும். கென்டின் சினமோ கணக்குப்பிள்ளையைப் போல ஒவ்வொன்றாக எண்ணி அடுக்குகிறது. கொதிப்பும் ஒழுங்கும் ஒரே வாயிலிருந்து வருவது இயல்புக்கு மாறானது. அம்மாறுபாடு எக்காலத்துச் செவிக்கும் சிரிப்பூட்டும். நான்காம் ஹென்றி முதற்பகுதியில் இளவரசன் ஹாலும் பருத்த ஃபால்ஸ்டாஃபும் உணவு விடுதியில் ஏசிக்கொள்ளும் காட்சி இதற்கு மறுசான்று. உலர்ந்த மாட்டு நாக்கு, கருவாடு, தையற்காரனின் அளவுகோல் என மெலிந்த பொருள்களாகத் தேடித் தேடி இளவரசன்மேல் எறிகிறான் ஃபால்ஸ்டாஃப். அங்கே இருவரும் நண்பர்கள். ஆதலால் அன்றும் அது சிரிப்பே. கென்டின் வசை அன்று சிரிப்போடு வெட்டுக்காயமும் தந்தது.

இத்தகைய வசையை இன்று புதிதாகப் படைக்க முடியுமா? மேலைநாட்டுப் பள்ளிகளில் ஒரு தாள் நெடுநாளாக உலவிவருகிறது. அதில் மூன்று பத்திகளாகப் பழஞ்சொற்கள் இருக்கும். பத்திக்கு ஒரு சொல்லாக எடுத்துக் கோத்தால் ஷேக்ஸ்பியர் பாணி வசை கிடைக்கும். மாணவர் சிரிப்பர், ஆனால் எவருக்கும் வலிக்காது. அதில் ஒலி உண்டு, ஆள் இல்லை. கென்டின் பட்டியலிலோ ஆள்தான் முதலில் இருக்கிறான்.

ஆகவே படைப்பவர் ஆளிலிருந்து தொடங்க வேண்டும். நூல் வெளியீட்டு விழாக்களில் தவறாது காணப்படும், எந்நூலையும் படிக்காத ஒரு பிரமுகரைக் கொள்வோம். சினத்தில் முதலில் எழும் சொற்கள் அற்பனே, வஞ்சகனே, நச்சரவே என்பன. இவை யாருக்கும் பொருந்தும். எனவே யாரையும் தொடா. அவற்றை நீக்கிவிட்டு, அவர் செய்யக் கண்ட செயல்களை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும். பின்னர் அவற்றைப் பெயரெச்சங்களாக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதற்குச் சொற்களைச் சிறுகோடிட்டு ஒட்டவேண்டியிருக்கிறது. தமிழில் இலக்கணமே அவ்வடுக்கைத் தருகிறது. பெயர் இறுதியில் வருவதால், கேட்பவர் அதற்காகக் காத்திருப்பர். சிறிய குற்றத்தில் தொடங்கிப் பெரியதில் முடித்தால் இப்படி அமையும்:

“அழைப்பிதழில் தன் பெயரின் எழுத்தளவை அடிக்கோல் வைத்து அளக்கும், பின்னட்டையைப் படித்தே அணிந்துரை எழுதும், தோளில் பொன்னாடை விழுந்ததும் கைப்பேசியோடு வாயிலை நோக்கி நடக்கும், பிறர் கையொப்பமிட்டுத் தந்த நூலை அடுத்த விழாவில் தன் பரிசென வழங்கும் வாடகை நாற்காலியே!”

முதற்செயல் வெறும் தற்பெருமை, இரண்டாவது பொய், மூன்றாவது கவிஞருக்கு அவமதிப்பு, நான்காவது நட்புக்கு இரண்டகம். எல்லா விழாவிலும் முன்வரிசையில் இருந்து எதையும் கேளாதது வாடகை நாற்காலி. ஆதலால் அப்பெயர் நான்கையும் தாங்குகிறது. அங்கே நச்சரவே என்று முடித்தால் அடுக்கு முழுவதும் சரிந்துவிடும். இதனைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஓர் உறுப்பை எடுத்து வேறொருவர்மேல் வைத்துப் பார்க்கலாம். அங்கும் பொருந்தினால் அது வெறும் நிரப்புச் சொல்.

கென்டிடமிருந்து கொள்ளாது விட வேண்டியதும் ஒன்றுண்டு. அவன் பட்டியலில் பாதி ஆஸ்வால்டின் வறுமையைப் பழிப்பது. அதைச் சொல்லும்போது கென்டே வேலைக்காரன் உடையில்தான் நிற்கிறான். பிறப்பு, சாதி, உடற்குறை ஆகியவற்றைச் சொல்லும் தமிழ் வசைகளும் இவ்வகையின. அவற்றைச் சொல்ல எதிரில் நிற்பவனைக் கவனிக்கவே வேண்டியதில்லை. எனவே அவற்றில் காயம் உண்டு, கலை இல்லை. கென்டின் வசையில் இன்றும் உயிரோடு இருப்பது, எசமானர் காற்றடிக்கும் திசையெல்லாம் திரும்பும் முகத்துதிக்காரன் என்னும் குற்றச்சாட்டே. அது செயலைப் பற்றியது. அதன் பொருளை அறியப் பதிப்பாசிரியரின் அடிக்குறிப்பு வேண்டுவதில்லை.

அவ்வளவு செம்மையாக அமைந்த வசையால் விளைந்தது என்ன? ஆஸ்வால்ட் திருந்தவில்லை. கார்ன்வால் கோமகன் கென்டைத் தொழுமரத்தில் மாட்டுகிறான். அவன் இரவெல்லாம் அதிலேயே கிடக்கிறான். மன்னனின் தூதனைத் தொழுமரத்தில் இடுவது மன்னனையே இழிவுபடுத்துவது. தன் தலைவனின் மானத்தைக் காக்க வாய்திறந்தவன், அம்மானம் மேலும் கெட வழி திறந்துவிட்டான். மறுநாள் லியர் அங்கு வந்து அக்கால்களைக் காணும்போது அரங்கில் எவரும் சிரிப்பதில்லை.