ரசிகர் மன்றம் கட்சியாக மாறுமா? எம்.ஜி.ஆர் ஜெயிச்சதும் சிவாஜி தோற்றதும் ஏன்?

1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து எம்.ஜி.ஆர் நீக்கப்பட்டார். அதே மாதம் 17-ம் தேதி அ.தி.மு.க. தொடங்கினார். 1973 மே மாதமே திண்டுக்கல் இடைத்தேர்தலில் அந்தக் கட்சி ஜெயிச்சது. எப்படி?

தெருவுக்குத் தெரு ரசிகர் மன்றங்கள் இருந்தன. தலைவர், செயலாளர், பொருளாளர்னு நிர்வாகிகளும் ரெடி. பட ரிலீசுக்குத் தோரணம் கட்டியவர்கள், தேர்தலில் தி.மு.க.வுக்கும் கொடி கட்டிப் பழகியவர்கள். மன்றங்களே கட்சிக் கிளைகள் ஆயின.

சிவாஜியின் மன்றங்கள் வேலை பார்த்தது காங்கிரசுக்கு. 1988-ல் அவர் தனிக்கட்சி தொடங்கி, அ.தி.மு.க. ஜானகி அணியோடு கூட்டணி வைத்தார். பல வருஷமா எம்.ஜி.ஆர் ரசிகர்களோடு மல்லுக்கட்டியவர்கள், திடீர்னு அவங்களோட சேர்ந்து ஓட்டு கேட்க வேண்டியதாச்சு. 1989 தேர்தலில் திருவையாறில் சிவாஜியே தோற்றார். கட்சியும் ஜனதா தளத்தில் இணைந்தது.