பிராந்தியும் தெர்மாமீட்டரும்: குளிருக்கு மது என்ற நம்பிக்கை கடந்துவந்த பாதை

ஆல்ப்ஸ் மலையில் கிரேட் செயின்ட் பெர்னார்டு கணவாயின் உச்சியில், பயணிகளுக்கு அடைக்கலம் தரும் ஒரு துறவிமடம் இருக்கிறது. பனிச்சரிவில் சிக்கியவர்களைத் தேட அங்கே பெரிய நாய்களை வளர்த்தார்கள். 1820இல் எட்வின் லேண்ட்சீர் என்ற இளம் ஆங்கில ஓவியர், மயங்கிக் கிடக்கும் ஒரு பயணியை இரண்டு நாய்கள் உயிர்ப்பிப்பதாக ஓர் ஓவியம் தீட்டினார். ஒரு நாயின் கழுத்தில் சிறு மரப்பீப்பாய் தொங்குகிறது. பார்த்தவர்களுக்கு அதில் பிராந்தி என்றுதான் தோன்றியது. நாய்களின் கழுத்தில் அப்படி எதையும் கட்டி அனுப்பும் வழக்கம் தங்களுக்கு இருந்ததில்லை என்று மடத்துத் துறவிகள் சொல்லிவந்தும் பயனில்லை. குளிரில் விறைத்தவருக்கு முதல் மருந்து பிராந்தி என்ற எண்ணம் அந்தப் பீப்பாயோடு சேர்ந்து உலகெங்கும் பரவிவிட்டது.

அது வெறும் பாமர நம்பிக்கையாக இருந்திருந்தால் இவ்வளவு நாள் தாக்குப்பிடித்திருக்காது. அதற்கு அறிஞர்களின் சான்றும் கிடைத்தது. ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் 1842இல் வெளியிட்ட நூலில் உணவை இரண்டாகப் பிரித்தார். சதையை வளர்ப்பவை ஒரு வகை. மூச்சுக்காற்றோடு எரிந்து சூடு தருபவை மற்றொரு வகை. மாவு, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றோடு மதுவையும் அவர் இரண்டாம் வகையில் சேர்த்தார். லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் ராபர்ட் பென்ட்லி டாட், காய்ச்சலில் தளர்ந்த நோயாளிகளுக்கு மணிக்கணக்கு வைத்து பிராந்தி கொடுத்தார். குடித்ததும் முகம் சிவக்கிறது, நாடி வேகமாகிறது, நெஞ்சில் கதகதப்பு ஏறுகிறது. கண்ணுக்குத் தெரிந்தது இவ்வளவும்தான். இது சூடு கூடியதன் அறிகுறியென்று அவர்கள் முடிவுசெய்ததில் வியப்பில்லை.

எதிர்ச்சாட்சி அதற்கு முன்பே இருந்தது. 1812 டிசம்பரில் ரஷ்யாவிலிருந்து பின்வாங்கிய நெப்போலியனின் படை, நீமன் ஆற்றங்கரையிலுள்ள கோவ்னோ நகரை அடைந்தது. பல வாரப் பட்டினியில் இருந்த வீரர்கள் அங்கிருந்த மதுக் கிடங்குகளை உடைத்துக் குடித்தார்கள். குடித்துவிட்டுத் தெருவில் படுத்தவர்களில் பலர் எழவேயில்லை என்று உயிர் தப்பியவர்களின் நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. ஆனால் பசி, காயம், களைப்பு என்று சாவுக்கு அங்கே பல காரணங்கள் இருந்தன. மதுவை மட்டும் பிரித்தெடுத்துக் குற்றம் சாட்ட அளவுகோல் வேண்டியிருந்தது.

அந்த அளவுகோல் தெர்மாமீட்டர். 1848இல் பாரிஸில் டூமேரில், டெமார்கே என்ற இருவர் நாய்களுக்கு மதுவைச் செலுத்தி அளந்தபோது உடல் வெப்பநிலை இறங்கியது. இங்கிலாந்தில் பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் 1860களில் தொடர்ந்து சோதனைகள் செய்து அதே முடிவுக்கு வந்தார். இவர்களைவிட என்னைக் கவர்ந்தவர் ராணுவ மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் எட்மண்ட் பார்க்ஸ். 1870இல் அவரும் வொல்லோவிச்சும் வெளியிட்ட ஆய்வில் சோதனைக்கு உட்பட்டவர் உடல்நலம் மிக்க ஒரே ஒரு படைவீரர். சில நாள் வெறும் தண்ணீர், பிறகு சில நாள் படிப்படியாகக் கூட்டிய அளவில் மது, மறுபடி தண்ணீர். அவ்வளவு நாளும் அவருடைய நாடியையும் வெப்பநிலையையும் விடாமல் குறித்துவைத்தார்கள். நாடி எகிறியது, தோல் சிவந்தது, வெப்பநிலையோ உயரவில்லை. சூடு ஏறுவதாகத் தோன்றுவது வேறு, சூடு ஏறுவது வேறு என்பதை ஒரே உடலில் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டியதுதான் இந்த ஆய்வின் பெருமை.

மது எரிந்து ஆற்றல் தருகிறது என்று லீபிக் சொன்னது பொய்யல்ல. அவர் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிற்று. நம்மூரில் விற்கும் 42.8 விழுக்காட்டு விஸ்கியில் 60 மி.லி. எடுத்துக்கொள்வோம். அதில் சுமார் 20 கிராம் சாராயச் சத்து. கிராமுக்கு 7 கலோரி வீதம் 140 கலோரி. கல்லீரலோ அதை மணிக்கு ஏழெட்டு கிராம் வேகத்தில்தான் எரிக்கும். அப்படியானால் மணிக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து கலோரி அளவுக்குச் சூடு. ஆனால் மது எரிகிற நேரத்தில் உடல் தன் கொழுப்பை எரிப்பதைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே இந்தச் சூடு பழையதற்கு மாற்றாக வருகிறதே தவிரக் கூடுதலாக வருவது மிகக் குறைவு. நன்றாக நடுங்கும் உடலோ ஓய்வில் உண்டாக்குவதைப்போல் பல மடங்கு சூட்டை உண்டாக்கும்.

வெப்பம் எங்கே போகிறது என்ற கேள்விக்குப் பாடநூல்கள் தரும் விடை தெரிந்ததே: மது தோலின் ரத்தக் குழாய்களை விரிக்கிறது, உள்ளுறுப்புகளைக் காக்க வேண்டிய வெதுவெதுப்பான ரத்தம் தோலுக்கு வந்து குளிரில் ஆறிவிடுகிறது. இது சரிதான், ஆனால் இதை மட்டுமே சொல்வது போதாது என்று கருதுகிறேன். 1960இல் கீட்டிஞ்சும் எவன்ஸும் குளிர்ந்த நீரில் ஆட்களை இறக்கிச் சோதித்தபோது, மிதமாகக் குடித்தவர்களின் உடல் மற்றவர்களைவிடப் பெரிதாக வெப்பம் இழக்கவில்லை. கடுங்குளிரில் தோலின் குழாய்கள் மதுவையும் மீறிச் சுருங்கிக்கொள்கின்றன. குறைந்தது அவர்கள் பட்ட அவதி மட்டுமே.

ஜப்பானில் 2008இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. எட்டு இளைஞர்கள் 18 டிகிரி அறையில் அமர்ந்திருந்தார்கள். ஒரு முறை மது, இன்னொரு முறை அதே அளவு தண்ணீர். ஒரு மணி நேரத்தில் இரண்டு முறையும் உள்வெப்பநிலை ஒரே மாதிரி 36.9இலிருந்து 36.6க்கு இறங்கியது. தண்ணீர் குடித்தபோது நேரம் ஆக ஆகக் குளிர் கூடுவதாக உணர்ந்தார்கள். மது குடித்தபோது அந்த உணர்வு வெகுவாக மங்கிவிட்டது. உடல் உண்டாக்கும் சூடும் குறைந்திருந்தது. அறைக்குள் இதனால் கேடில்லை. மலையில், இருட்டில், ஈர உடையில் இருப்பவனோ போர்வை தேடமாட்டான், ஒதுங்க இடம் பார்க்கமாட்டான். ஆபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

பசியும் களைப்பும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். நீண்ட உழைப்பில் உடலின் சர்க்கரை இருப்பு கரைந்தபின் கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிக்க வேண்டும். மது அந்த வேலையைத் தடுக்கிறது. ஹெயிட்டும் கீட்டிஞ்சும் 1973இல் வெளியிட்ட சோதனையில், நெடுநேரம் உடற்பயிற்சி செய்துவிட்டுக் குடித்தவர்களுக்கு ரத்தச் சர்க்கரை சரிந்தது. குளிரில் உடலைக் காக்கும் ஏற்பாடே செயலிழந்தது. கோவ்னோவில் குடித்துவிட்டுப் படுத்த பட்டினிப் படையின் சாவுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

2020 டிசம்பர் இறுதியில் வட இந்தியாவுக்குக் குளிரலை எச்சரிக்கை விடுத்த இந்திய வானிலை ஆய்வுத் துறை, மது வேண்டாம், அது உடல் வெப்பத்தைக் குறைக்கும் என்று சேர்த்தே சொன்னது. சமூக ஊடகங்களில் அதைப் பலரும் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

உள்வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே போனால் அது ஹைப்போதெர்மியா. முதலில் கடும் நடுக்கம். பிறகு பேச்சு குழறும், நடை தள்ளாடும், பொத்தான் போட விரல் வராது, சொன்னது புரியாது. 32 டிகிரியை நெருங்கும்போது நடுக்கம் அடங்கும். சிலர் உடம்பு வேகுவதாக எண்ணி உடையையே கழற்றுவார்கள். மது வாடையும் வந்தால் போதும், போதை தெளியட்டும் என்று பக்கத்தில் இருப்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். பிரித்தறிய எளிய வழி உண்டு: சட்டைக்குள் கைவிட்டு வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை, கால் மட்டுமின்றி வயிறும் சில்லென்றிருந்தால் அது போதை மட்டுமல்ல. ஈர உடையைக் களைந்து, தரையின் குளிர் ஏறாமல் அடியில் விரித்து, தலையோடு போர்த்தி, அதிகம் அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கை, காலைத் தேய்க்கக் கூடாது. விழுங்கும் தெளிவு இருந்தால் கொடுக்க வேண்டியது சர்க்கரை போட்ட சூடான பானம்.