வெடித்த பருத்திக் காய்ப் படங்களில் கறையைப் புழுவின் சான்றாகக் கொள்ளலாமா?

2017ஆம் ஆண்டு விதர்பாவில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பெருகியது. அந்த அனுபவம் ஆழப் பதிந்துவிட்டதாலோ என்னவோ, வெடித்த காயின் படத்தில் பழுப்பேறிய பஞ்சைக் கண்டதுமே புழுச் சேதம் என்று குறித்துவிடும் போக்கு ஆய்வாளரில் ஒரு சாராரிடம் நிலவுகிறது. இந்த வாசிப்பு பெரும்பாலும் பிழையானது.

சர்ச்சைக்குரிய படம் பெரும்பாலும் இப்படி இருக்கும். நான்கு அறைக் காயில் மூன்று அறைகளின் பஞ்சு வெள்ளையாக விரிந்திருக்கிறது. நான்காவது, உலர்ந்த ஆரஞ்சுச் சுளைபோல் ஒட்டிக்கிடக்கிறது. நிறம் மஞ்சள் கலந்த பழுப்பு. புழு விதையைத் தின்ற அறை இப்படித்தான் இருக்கும். ஆனால் உட்காய் அழுகல் கண்ட அறையும் இப்படித்தான் இருக்கும். சாறுறிஞ்சும் நாவாய்ப்பூச்சி இளங்காயைக் குத்தும்போது பாக்டீரியா உள்ளே போகிறது. வெளியே காய் பச்சையாக, நலமாகத் தெரிய, உள்ளே பஞ்சு நிறம் மாறிக் கெடுகிறது. வெடித்தபின் எஞ்சுவது அதே கறைதான்.

அப்படியானால் பார்க்க வேண்டிய இடம் அறைகளுக்கு இடையிலுள்ள தடுப்புச் சுவர். ஓர் அறையின் விதைகளைத் தின்ற புழு சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகிறது; துளை சிறியது, வட்டமானது. அழுகல் சுவரைக் கறுக்கவைக்கும், சுருக்கும், இப்படித் துளைக்காது. அடுத்த நல்ல சான்று, இழையால் ஒட்டப்பட்ட இரட்டை விதை. காயோட்டின் உட்புறத்தில் எழும் பரு மட்டும் ஏமாற்றக்கூடியது. புழு நுழைந்த இடத்திலும் பரு வரும், நாவாய்ப்பூச்சி குத்திய இடத்திலும் வரும். பருவோடு சேர்ந்து ஓட்டில் புழு அரித்த தடம் இருந்தாலொழிய அதை எண்ணிக்கையில் சேர்க்கலாகாது.

புழு ஒரே அறையோடு நின்றுவிட்டால் தடுப்பில் துளை இருக்காது என்பது உண்மை. ஆகவே துளையின்மை புழுவின்மைக்குச் சான்றல்ல. அப்போது காயோட்டில் வெளியேறும் துளையைத் தேடலாம்; அது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அகலமே இருக்கும். மேலிருந்து எடுத்த படத்திலோ விரிந்த பஞ்சு அதை மறைத்துவிடும். ஓட்டைத் திருப்பி ஒரு படம், கெட்ட அறையின் விதைகளைப் பிரித்து ஒரு படம் இல்லாமல் முடிவுக்கு வருவது அவசரம். வயலில் இதற்கெல்லாம் நேரமில்லை என்போருக்கு, நேரமில்லாத இடத்தில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதலாமே என்பதே பதில்.

கலப்பு நேர்வுகள் இன்னும் கடினமானவை. புழு வெளியேறிய துளை வழியாகப் பூஞ்சை நுழைவது புதிதல்ல. துளையைச் சுற்றிக் கறுப்புப் பூசணம் தொடங்கி உள்நோக்கிப் பரவியிருந்தால் புழு முந்தியது எனலாம். காய் முழுதும் ஒரேபடியாக அழுகியிருந்தால் எது முந்தியது என்று படத்தைக் கொண்டு கூற முடியாது. வெடிக்காத பச்சைக் காய்களை அதே வயலில் பறித்துப் பிளந்து, உள்ளே உயிருள்ள புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.